கேமராக்களை அணைத்துவிட்டுக் கேளுங்கள்: காணொளிக் கூட்டத்தில் குழுப்படம் எடுக்கும் முறை

கூட்டம் முடியப்போகிறது. "எல்லாரும் ஒரு நிமிஷம் சிரிங்க, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கறேன்" என்று நடத்துபவர் சொல்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. வேண்டாம் என்று நினைத்தவருக்கு கேமராவை அணைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. இனி வாயைத் திறந்தால் முப்பது பேர் முன்னால் தடை சொன்னவர் ஆகிவிடுவார், அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார். படம் எடுத்தவரோ எல்லாரும் சம்மதித்தார்கள் என்றே நம்புகிறார்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியது. வகுப்பு, பயிலரங்கு, குழுக் கூட்டம் எதுவானாலும், முடிவில் எல்லார் முகமும் தெரிகிற ஒரு படத்தை மரியாதையாக எடுத்துச் சேமிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஜூமிலோ கூகுள் மீட்டிலோ பதிவு செய்யத் தொடங்கினால், கலந்துகொள்ளும் எல்லாருக்கும் அறிவிப்பு வரும். கணினியின் விசைகளை அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எந்த அறிவிப்பும் யாருக்கும் போகாது. செயலி எச்சரிக்காத இடத்தில் எச்சரிக்க வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டால், படம் எடுத்ததே அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

என்ன சொல்லிக் கேட்க வேண்டும்

"ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்விதான். பதில் சொல்பவருக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். படம் எதற்கு? எங்கே போகும்? முகத்துடன் பெயரும் தெரியுமா? நம் குழு வாட்ஸ்அப்பில் மட்டும் போடுவதற்குச் சரி என்பவர், அதே படம் நிறுவனத்தின் முகநூல் பக்கத்துக்குப் போகிறது என்றால் மறுக்கலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு இன்னோர் இடத்தில் போட்டால், அந்தச் சம்மதம் அங்கே செல்லாது. மறுபடி கேட்கத்தான் வேண்டும்.

கேட்க வேண்டிய தருணங்கள் இரண்டு. அழைப்பு அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டம் முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் இருக்கும்போது சாட்டில் மறுபடி எழுதுங்கள். அழைப்பைப் பலர் முழுதாகப் படிப்பதில்லை. சிலர் இன்னொருவர் அனுப்பிய இணைப்பை வைத்து உள்ளே வந்திருப்பார்கள், அவர்களுக்கு அழைப்பே வந்திருக்காது. சாட்டில் எழுதுவது இப்படி இருக்கலாம்:

"8 மணிக்கு முடிக்கும்போது ஒரு குழுப்படம் எடுக்கிறோம். நம் பயிலரங்கின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுவோம். பெயர்களை மறைத்துவிடுவோம். படத்தில் வர விருப்பமில்லாதவர்கள் அந்த நேரத்தில் கேமராவை அணைத்தே வைத்திருக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. யோசனை இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அலுவலகச் சூழலில் மேலதிகாரி முன்னால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாதவர்களுக்கு அந்தத் தனி வழிதான் உண்மையான வழி. ஜூமில் நடத்துபவர் தனிச் சாட்டை முடக்கிவைக்க முடியும். அதனால் அது திறந்திருக்கிறதா என்று கூட்டம் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் வேறொரு தொடர்பு வழியைச் சொல்லுங்கள்.

"வேண்டாம்னா சொல்லுங்க" ஏன் சரிப்படாது

பெரும்பாலும் நடப்பது இதுதான்: "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கேமராவை ஆஃப் பண்ணிக்கோங்க." கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இருபது கட்டங்களில் இரண்டு மட்டும் சட்டென்று கறுப்பாகின்றன. எல்லார் கண்ணும் அங்கே போகிறது. மறுத்தவர் யார் என்று கூட்டத்துக்கே தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை அவர்கள் மறுக்க மாட்டார்கள். மனம் மாறியதால் அல்ல, மறுத்தால் தனியாகத் தெரிவோம் என்பதால்.

இதைத் தலைகீழாக்குங்கள். முதலில் எல்லாரையும் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள், நடத்துபவராகிய உங்களையும் சேர்த்து. திரை முழுக்க வெறும் பெயர்கள்தான் இருக்கும். பிறகு படத்தில் வர விரும்புபவர்களை மட்டும் கேமராவைப் போடச் சொல்லுங்கள். இப்போது போடாமல் இருப்பவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எழுந்து போயிருக்கலாம், இணைப்பு மெதுவாக இருக்கலாம், கேமராவே இல்லாமல் இருக்கலாம். மறுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் கையால் கேமராவைப் போட்டவர் என்பது வேறு எந்த முறையிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

வாயால் சொல்லும்போது அவசரம் வேண்டாம்:

"இப்போ எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணிக்கலாம், நானும் பண்றேன்... சரி. குழுப்படத்துல வர விருப்பம் இருக்கறவங்க மட்டும் ஆன் பண்ணுங்க. முப்பது விநாடி காத்திருக்கேன். மைக் மட்டும் எல்லாருக்கும் ஆஃப்ல இருக்கட்டும்."

அந்த முப்பது விநாடியைக் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். கைபேசியில் கலந்துகொள்பவருக்குப் பொத்தானைத் தேடவே பத்து விநாடி ஆகும். உங்கள் குரல் அவருக்குப் போய்ச் சேரத் தாமதமும் உண்டு. மைக்கை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் ஒழுங்கு மட்டுமில்லை. யார் மைக்கில் சத்தம் வந்தாலும் அவர் கட்டத்தைச் சுற்றி வண்ணக் கோடு மின்னும், படத்தில் அவர் மட்டும் எடுத்துக் காட்டப்பட்டது போலத் தெரியும்.

ஜூமில் நடத்துபவருக்கு, கலந்துகொள்பவரை கேமராவைப் போடும்படி கேட்கும் ஒரு வசதி உண்டு. அவர் திரையில் ஒரு கேள்விப் பெட்டி தோன்றும். இந்த நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம். பெயர் சொல்லி அழைப்பதும் அதே வகைதான். "என்ன, உங்களைக் காணோமே!" என்று அன்பாகச் சொன்னாலும், அந்த ஒரு வாக்கியத்தில் முன்பு சொன்ன உறுதிகள் எல்லாம் போய்விடும்.

திரையைத் தயார் செய்வது

முப்பது விநாடி ஓடும்போது உங்கள் பக்கத்தில் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டத்துக்கு முன்பே ஒருமுறை செய்து பழகிக்கொண்டால் கை தடுமாறாது.

திரைப் பகிர்வை நிறுத்திவிட்டு, எல்லார் முகமும் ஒரே அளவில் தெரியும் கேலரி காட்சிக்கு மாறுங்கள். ஜூமில் ஒரு பக்கத்துக்கு 25 பேர் வருவார்கள். கணினிக்குத் திறன் இருந்தால் வீடியோ அமைப்பில் அதை 49 ஆக உயர்த்தலாம். அதற்கும் மேல் ஆள் இருந்தால் பக்கத்துக்கு ஒரு படம் என்று எடுக்க வேண்டியதுதான். கைபேசியில் ஒரு பக்கத்துக்குச் சிலரே தெரிவார்கள், ஆகவே குழுப்படத்துக்குக் கணினியே வசதி.

அடுத்தது, கேமரா போடாதவர்களின் கட்டங்களை மறைப்பது. இது பலர் மறந்துபோகும் படி. முகம் வராவிட்டாலும், கறுப்புக் கட்டத்தில் முழுப் பெயரோ சுயவிவரப் படமோ பெரிதாக நிற்கும். படத்தில் வர வேண்டாம் என்று நினைத்தவரின் பெயர், முகம் காட்டியவர்களின் பெயரைவிடப் பளிச்சென்று தெரியும். ஜூமில் காட்சிப் பட்டியலில் `Hide Non-Video Participants` என்று இருக்கும். கூகுள் மீட்டில் காட்சியை மாற்றும் பகுதியில் `Hide tiles without video` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான், மற்றவர்கள் பார்ப்பது மாறாது.

சாட் பட்டையையும் பங்கேற்பாளர் பட்டியலையும் மூடுங்கள். கணினியின் அறிவிப்புகளைத் தொந்தரவு செய்யாதே நிலைக்கு மாற்றுங்கள். சரியாக அந்த விநாடியில் வேறொரு செயலியின் செய்தி மூலையில் வந்து உட்காருவது அடிக்கடி நடப்பது. சுட்டியை அசைக்காமல் சில விநாடி விட்டால், கூட்டச் சாளரத்தின் கீழே உள்ள பொத்தான் பட்டை பல செயலிகளில் தானே மறைந்துவிடும்.

உங்கள் கட்டத்தில் உங்கள் பின்னால் இருக்கும் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். கண்ணாடி போலக் காட்டும் அமைப்பு உங்கள் திரையில் மட்டும் இயங்குகிறது. ஜூமில் `Mirror my video` என்பதை அணைத்தால் சரியாகிவிடும்.

படம் எடுப்பது

முழுத் திரையை எடுக்காதீர்கள், கட்டங்கள் இருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். விண்டோஸில் `Windows + Shift + S` அழுத்திப் பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம். மேக்கில் `Shift + Command + 4`.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. விண்டோஸில் விசைகளை அழுத்திய கணத்திலேயே திரை உறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துப் பகுதியை இழுத்தாலும், கிடைப்பது அழுத்திய கணத்தின் படம்தான். மேக்கில் திரை ஓடிக்கொண்டே இருக்கும், சுட்டியை விடும் கணம்தான் படம். ஆகவே "மூன்று, இரண்டு, ஒன்று" எண்ணும்போது விண்டோஸ்காரர் ஒன்றில் விசையை அழுத்த வேண்டும், மேக்காரர் முன்பே இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டு ஒன்றில் விட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள், அல்லது ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மூன்று விநாடி இடைவெளியில் மூன்று படம் எடுங்கள். இணைப்பு மெதுவாக இருப்பவரின் முகம் ஒன்றில் கலங்கியிருந்தாலும் இன்னொன்றில் தெளிவாக இருக்கும். முடிந்ததும், "படம் எடுத்தாச்சு, இனி எடுக்கலை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் எப்போது தளர்ந்து உட்காரலாம் என்று தெரிய வேண்டும்.

சில நிறுவனங்கள் திரையைப் பிடிக்க முடியாதபடி அமைத்திருப்பார்கள். டீம்ஸில் அப்படி ஒரு வசதி உண்டு. படம் வெறும் கறுப்பாக வந்தால் உங்கள் கணினியில் கோளாறு என்று நினைத்து, கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடிக்காதீர்கள். அது பூட்டிய கதவு. கூட்டத்தை அமைத்தவரிடம் கேளுங்கள்.

அனுப்பும் முன் பெரிதாக்கிப் பாருங்கள்

எடுத்த படத்தைத் திறந்து இருமடங்கு பெரிதாக்குங்கள். நான்கு மூலைகளில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கட்டத்தின் பின்னணியையும் பாருங்கள்.

மூலைகளில் தேட வேண்டியது கூட்டத்தின் எண்ணையும் கடவுச்சொல்லையும். கூகுள் மீட்டில் கூட்டக் குறியீடு கீழ் இடது பக்கம் நேரத்தின் அருகிலும், உலாவியின் முகவரிப் பட்டையிலும் தெரியும். வாராவாரம் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் கூட்டமென்றால், அந்தப் படத்தைப் பார்க்கும் யாரும் அடுத்த வாரம் கதவைத் தட்டலாம். 2020 மார்ச் 31 அன்று பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் தன் அமைச்சரவையின் காணொளிக் கூட்டப் படத்தை ட்விட்டரில் போட்டபோது, ஜூம் கூட்டத்தின் எண் அதில் அப்படியே தெரிந்தது. அடுத்த மாதமே ஜூம் அந்த எண்ணைச் சாளரத்தின் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நெதர்லாந்து பாதுகாப்பு அமைச்சரின் ட்விட்டர் கணக்கில் வந்த படத்தில், ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்டத்துக்குள் நுழைவதற்கான ஆறு இலக்க ரகசிய எண்ணில் ஐந்து இலக்கங்கள் தெரிந்தன. மிச்சமிருந்த ஒன்றை ஊகித்து ஒரு பத்திரிகையாளர் கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

பின்னணியில் பார்க்க வேண்டியவை வேறு. கேமராவைப் போட்டவர் தனக்குச் சம்மதித்தார், பின்னால் நடந்து போகும் குழந்தைக்கோ கட்டிலில் படுத்திருக்கும் பெரியவருக்கோ சேர்த்து அல்ல. சுவரில் ஒட்டிய தாளில் கைபேசி எண், மேசையில் மருந்துச் சீட்டு, வெள்ளைப் பலகையில் வேறு வேலையின் குறிப்பு எல்லாம் பெரிதாக்கினால் படிக்க முடியும். அந்த மூன்று படங்களில் இவை இல்லாத ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மறைக்க வேண்டும்.

மறைப்பதிலும் ஒரு கவனம் தேவை. எழுத்தை மங்கலாக்குவதும் சதுரம் சதுரமாக்குவதும் போதாது, குறுகிய பெயர்களையும் எண்களையும் அதிலிருந்து ஊகித்துவிட முடியும். கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தேய்ப்பதும் கூடாது. அந்த மை ஒளி ஊடுருவும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து மேலே வரும். நிறம் முழுதாக நிரப்பிய செவ்வகத்தை வைத்து மூடுங்கள். விண்டோஸின் பெயிண்ட் செயலியே போதும்.

வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமிக்காமல் புதுப் பெயரில் சேமியுங்கள். 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு பிழை இதை நன்றாகக் காட்டியது. பிக்சல் கைபேசியின் மார்க்கப் கருவியிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும், வெட்டிய படத்தை அதே கோப்பில் சேமித்தால் பழைய கோப்பின் வால்பகுதி அழியாமல் உள்ளேயே இருந்தது. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியில் கொஞ்சத்தை மீட்க முடிந்தது. இரண்டையும் திருத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

பெயர்களை மறைக்க எளிய வழி, அவை படத்தில் வராமலே பார்த்துக்கொள்வது. ஜூமின் வீடியோ அமைப்பில், பெயரை எப்போதும் காட்டும் தெரிவை நீக்கினால் கட்டங்களின் ஓரத்தில் இருக்கும் பெயர்கள் போய்விடும். படம் எடுப்பதற்கு முன் இதைச் செய்தால் இருபது செவ்வகம் வரையும் வேலை மிச்சம்.

ஒரு பயிலரங்கில் இது எப்படி நடக்கும்

31 பேர் வந்த, ஒன்றரை மணி நேரப் பயிலரங்கு என்று வைத்துக்கொள்வோம். 6.30க்குத் தொடக்கம், 8 மணிக்கு முடிவு. 7.50க்குச் சாட்டில் செய்தி போகிறது. ஒருவர் தனியாக எழுதிக் கேட்கிறார்: "நிறுவனப் பக்கத்தில் வருமா?" வராது, வாட்ஸ்அப் குழுவில் மட்டும் என்று பதில்.

7.56க்கு எல்லாரும் கேமராவை அணைக்கிறார்கள். முப்பது விநாடியில் 19 பேர் போடுகிறார்கள். கேமரா இல்லாதவர்களை மறைத்ததும் 19 கட்டங்கள் ஒரே பக்கத்தில் அடங்குகின்றன. மூன்று படம் எடுத்தாகிறது. 7.58க்கு, "எடுத்தாச்சு." மொத்தம் இரண்டு நிமிடம்.

கூட்டம் முடிந்து பெரிதாக்கிப் பார்த்தால், முதல் படத்தில் ஒருவர் பின்னால் ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். இரண்டாவதில் இருவர் கண்ணை மூடியிருக்கிறார்கள். மூன்றாவது சரியாக இருக்கிறது, இன்னொருவரின் சுவர்ப் பலகையில் ஒரு தொலைபேசி எண் தவிர. அதன் மேல் நிரப்பிய செவ்வகம். மற்ற இரண்டு படங்களும் உடனே அழிக்கப்படுகின்றன.

வாட்ஸ்அப் குழுவில் போடும்போது கூடவே ஒரு வரி: "இந்தப் படத்திலிருந்து யாரையாவது எடுக்க வேண்டுமானால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். குழுவுக்கு வெளியே அனுப்ப வேண்டாம்." மறுநாள் காலை ஒருவர் எழுதுகிறார், தன்னை எடுத்துவிடச் சொல்லி. ஏன் என்று கேட்காமல் அந்தப் படத்தை எல்லாருக்கும் அழித்துவிட்டு, அவர் கட்டத்தை மூடிய படத்தைப் போட வேண்டும். சம்மதம் கொடுக்க அவருக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது, திரும்பப் பெறவும் ஒரு வரி போதுமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே தங்கள் கைபேசியில் சேமித்துவிட்டவர்களின் பிரதியை உங்களால் அழிக்க முடியாது என்பதையும் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

நான்கு பேர் மட்டும் இருந்தால்

கேமரா அணைக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. நான்கைந்து பேர் கூட்டத்தில் போடாதவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். அங்கே கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் குழுப்படம் என்ற பேச்சையே கூட்டத்தில் எடுக்காதீர்கள்.

படம் வேண்டியது ஆவணத்துக்காக மட்டும் என்றால், முகங்கள் இல்லாமல் தலைப்பு ஸ்லைடை மட்டும் எடுக்கலாம். அதுவும் பேச்சாளருடைய உழைப்பு, அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சாட்டை எடுப்பது இன்னும் நுட்பமானது. அதில் எழுதியவர்கள் அந்த அறையில் இருந்தவர்களுக்காக எழுதினார்கள். ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமானால், எழுதியவரிடம் கேட்டு, பெயரில்லாமல் வாசகத்தை மட்டும் நகலெடுத்துக்கொள்வதே போதும்.

மிச்சப் பிரதிகள்

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கணினியில் ஒன்று மட்டும் இருக்காது. விண்டோஸ் 11 அதை ஸ்கிரீன்ஷாட் கோப்புறையில் தானே சேமிக்கும். கிளிப்போர்டு வரலாறு போட்டிருந்தால் அங்கேயும் இருக்கும், `Windows + V` அழுத்திப் பாருங்கள். ஒன்டிரைவ் இணைத்திருந்தால் மேகத்துக்குப் போயிருக்கலாம். மேக்கில் முகப்புத் திரையில் கிடக்கும், அடுத்த கூட்டத்தில் திரையைப் பகிரும்போது எல்லாரும் பார்ப்பார்கள். கைபேசியில் எடுத்தால் புகைப்படச் செயலி காப்பு எடுத்துவிடும். அழித்தாலும் ஐபோனில் அண்மையில் நீக்கியவை பகுதியில் குறைந்தது 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அங்கேயும் போய் நிரந்தரமாக நீக்கினால்தான் நீங்கியதாக அர்த்தம்.

இறுதிப் படத்தையும் வேலை முடிந்ததும் வைத்திருக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டாகிவிட்டது என்றால் உங்கள் கணினியில் இருக்கும் பிரதிக்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள், பயிலரங்கு முடிந்து ஒரு மாதம் என்பது போல. நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்து, அந்த நாளில் மேலே சொன்ன எல்லா இடங்களிலும் தேடி நீக்குங்கள்.